அக்காவின் குரலும் .opus கோப்பும்

போன மாதம் அக்கா மகள் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தாள். மறைந்த என் அக்கா வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருந்தன. உரையாடலை Export chat என்று கொடுத்து, ஊடகங்களையும் சேர்த்து எடுத்திருக்கிறாள். "மாமா, ஒண்ணுகூடத் திறக்கலை. எல்லாம் கெட்டுப்போச்சா?" என்றாள்.

கெடவில்லை. என் வயது நண்பர்கள் பலருக்கும் இது வரக்கூடும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பென் டிரைவில் இருந்தது ஒரு zip கோப்பு. அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, Extract All கொடுத்துப் பிரித்தோம். PTT-20210312-WA0007.opus என்பது போன்ற பெயர்களில் கோப்புகள் வந்தன. ஓபஸ் என்பது ஒலியைச் சுருக்கும் ஒரு முறை. 2012இல் தரப்படுத்தப்பட்டது. குறைந்த இடத்தில் பேச்சைத் தெளிவாக வைக்கும். ஆனால் அதைப் படிக்கத் தெரியாத மென்பொருளிடம் கொடுத்தால், திறக்க முடியவில்லை என்றுதான் சொல்லும்.

கெட்டதா, இல்லையா என்று எப்படி அறிவது? முதலில் அளவைப் பார்த்தோம். 0 KB என்றிருந்தால் உள்ளே ஒன்றுமில்லை. மறுபடி போனில்தான் தேட வேண்டும். எங்களிடம் இருந்தவற்றில் அப்படி எதுவும் இல்லை. பிறகு ஒரு கோப்பின் நகலை Notepad-இல் திறந்தோம். கிறுக்கல் போலத் தெரிந்தாலும், முதல் நான்கு எழுத்துகள் OggS என்று இருந்தன. ஓபஸ் ஒலியைப் பொதிந்து வைக்கும் உறையின் அடையாளம் அது. உடனே சேமிக்காமல் மூடிவிட்டோம். சேமித்தால் கோப்பு பாழாகிவிடும்.

சில கோப்புகளின் பெயரை யாரோ ஒருவர் .mp3 என்று மாற்றிக் கொடுத்திருந்தார். பெயர் மாறினால் உள்ளிருப்பது மாறாது. டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் உப்பு இனிக்குமா? அவற்றிலும் அதே OggS இருந்தது. பழைய பெயரையே திருப்பி வைத்தோம்.

பிறகு விஎல்சி என்ற இலவச மென்பொருளை நிறுவி, கோப்பை அதில் இழுத்துப் போட்டோம். "சாப்பிட்டியாடி?" என்று அக்கா கேட்டாள். அவள் மகள் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

காரில் கேட்க எம்பி3 வேண்டும் என்றாள். விஎல்சியில் Media, பிறகு Convert / Save. கோப்பைச் சேர்த்து, Profile என்ற இடத்தில் Audio - MP3 என்பதைத் தேர்ந்தெடுத்து, புதுப் பெயர் கொடுத்து Start அழுத்தினால் போதும்.

மாற்றிய பிறகும் மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம் என்று சொன்னேன். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒலித்தரம் சற்றுக் குறையும். மேலும் அந்தப் பெயரிலேயே தேதி இருக்கிறது: 20210312 என்றால் 2021 மார்ச் 12. அம்மா எந்த நாளில் என்ன சொன்னாள் என்பதற்கு வேறு குறிப்பு தேவையில்லை.