பன்னிரண்டு அடித் தோல்

மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தேன். தோல் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவரை நான் பாய் என்பேன். அவருக்கு நான் அண்ணன். ஒரு ஐப்பசி மழையில் எங்களுக்குள் நடந்த வாட்ஸப் பேச்சை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குக் காட்ட.

திங்கள், கம்பெனி குரூப்பில்:
நான்: சீட்டுல 500 சதுர அடி. அளந்து பார்த்தா 488. மீதி 12 எங்கே?
பாய்: அளந்துதான் கொடுத்தேன்.

நாற்பது பேர் இருந்த குரூப் அது. ‘எங்கே’ என்ற ஒரு சொல்லில் அவரைத் திருடனாக்கிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய், தனியாக:
நான்: பாய், லைனிங் தோல் வேணும்.
பாய்: சீட்டு அனுப்புங்க சார்.

அண்ணன் ‘சார்’ ஆனபோதுதான் உறைத்தது.

புதன்:
பாய்: தோலை எண்ணினீங்களா?
நான்: 100. சரியா இருக்கு. ஓரமும் வெட்டுப்படலை.
பாய்: பின்பக்கம் எழுதின அளவைப் பாருங்க.

வியாழன்:
நான்: பத்துத் தோல்ல எழுதியிருக்கிறது 51¼. இப்ப அளந்தா 50.
பாய்: நான் அளந்த அன்னிக்கு நல்ல மழை. உங்க ரூம்ல எப்பவும் ஏசி.
நான்: மன்னிச்சுடுங்க பாய்.

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

தோலின் நார் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். முப்பது வருஷம் தோல் வெட்டிய எனக்குத் தெரியாததா? கோபத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் சோதித்துவிட முடிவு செய்தேன். அந்தப் பத்துத் தோலையும் ராத்திரி முழுக்க ஸ்டோரிலேயே விரித்துப் போட்டோம். வெளியே மழை.

வெள்ளி:
பாய்: ரெண்டு தடவையும் அளந்த அதே மிஷின்ல அளந்தேன். 51.
நான்: கால் அடிதான் வித்தியாசம். தப்பு என்னுதுதான்.
பாய்: சரிங்க சார்.

இன்னும் ‘சார்’தான். அன்று இரவுதான் புரிந்தது: நாற்பது பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு, மன்னிப்பை மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறேன்.

சனி, கம்பெனி குரூப்பில்:
நான்: திங்கட்கிழமை நான் கேட்டது தப்பு. தோல் குறையலை, ஏசியில சுருங்கியிருக்கு. பாய் கணக்கு சரி. இனிமே சீட்டுல அடியோட தோல் எண்ணிக்கையும் அளந்த தேதியும் எழுதுவோம். வாங்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்தே அளப்போம்.

கணக்கு உதைத்தால் முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு, எப்போது, எந்த மிஷினில் அளந்தது என்று கேளுங்கள். ‘எங்கே’ என்ற கேள்வி கடைசியில்தான் வரவேண்டும். தவறிப்போய் முந்திக்கொண்டு கேட்டுவிட்டால், கேட்ட இடத்திலேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மறு திங்கள் காலை, தனியாக:
பாய்: அண்ணே, லைனிங் தோல் வந்திருக்கு. அளக்க வர்றீங்களா?