சீரோ போத்தலும் அம்மாவின் தேத்தண்ணியும்

கேம்பஸில் பகல் சாப்பாட்டோட தினமும் ஒரு 400 மில்லி கோலா குடிக்கிற ஆள் நான். எடை குறைக்கணும்னு சீரோ சுகருக்கு மாறினேன். கணக்கும் போட்டு வச்சிருந்தேன். சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு சுமார் 10.6 கிராம் சீனி, அப்போ ஒரு போத்தலில் 42 கிராம், கிட்டத்தட்ட 170 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று எடுத்தால் 45 நாளில் ஒரு கிலோ இறங்கணும். மூணு மாசம் கழிச்சு அக்கரப்பத்தனைக்கு வந்து தராசில் ஏறினேன். அரைக் கிலோகூட குறையல.

போத்தல் பொய் சொல்லல. பின்பக்கம் 951 என்று இருந்தால் அது அஸ்பார்டேம், சீனியை விட சுமார் 200 மடங்கு இனிப்பு. 955 என்றால் சுக்ரலோஸ், சுமார் 600 மடங்கு. துளி போட்டாலே போதும், அதனால்தான் கலோரி இல்லை. பொய் சொன்னது நான்தான். "சீரோதானே" என்று ஒரு ரோல்ஸ் கூடுதலா வாங்கினேன். எண்ணெயில் பொரிச்ச ஒரு ரோல்ஸிலேயே மிச்சம் பிடிச்ச 170உம் திரும்பி வந்துடும்.

2023இல் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று சொன்னது. நீண்ட காலத்தில் எடை குறைவதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். (ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை இல்லை.) அதே வருசம் வந்த அஸ்பார்டேம் புற்றுநோய்ச் செய்தியைப் பார்த்து நானும் பயந்தேன். ஆனால் வேறு உணவில் அது சேராவிட்டால், 70 கிலோ ஆள் ஒரு நாளைக்கு 9 முதல் 14 கேனுக்கு மேல் குடித்தால்தான் பாதுகாப்பான அளவைத் தாண்டும் என்கிறார்கள். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

இலங்கையில் 2016இலிருந்து போத்தலில் நிற வட்டம் இருக்கு: 100 மில்லிக்கு 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, 11க்கு மேல் சிவப்பு, நடுவில் செம்மஞ்சள். ஆனால் தேத்தண்ணி கோப்பையில் எந்த வட்டமும் இல்லையே!

அம்மா அள்ளும் அதே கரண்டியால் பத்துக் கரண்டி சீனி எடுத்து கடைத் தராசில் வைத்தேன். 62 கிராம். கோப்பைக்கு ரெண்டு கரண்டி, நாளைக்கு அஞ்சு கோப்பை. அப்படியே அந்த 62 கிராம்தான், சுமார் 250 கலோரி. நான் விட்ட கோலாவை விட இது அதிகம். கேம்பஸிலும் இதே கணக்குதான்.

"அம்மா, சீனிய குறைங்களேன்" என்றேன்.

"வெள்ளனவே கொழுந்து பறிக்க மேட்டுல ஏறிப் பாருடா, அப்புறம் பேசு."

அவங்க சொல்றதும் சரிதான். அவங்க எரிக்கிற கலோரி வேற, லைப்ரரியில் உட்கார்ந்திருக்கிற நான் எரிக்கிறது வேற. அம்மாவின் கோப்பையை விட்டுட்டேன். என்னுடையதில் இப்போ மட்டமாக வழித்த ஒரே கரண்டி, 4 கிராம். முதல் வாரம் கசந்தது. சீரோ போத்தல் இன்னும் குடிக்கிறேன், ரோல்ஸ் இல்லாமல்.