ஊசி போட்ட கையோடு வெந்நீர்க் குளியல் வேண்டாம்

சித்திரை மாதம். காலையும் இரவும் கலவை இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு கடலை விவசாயிக்குச் சனிக்கிழமை காலைகளில் மட்டும் உடம்பு நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. வெயில்தான் காரணம் என்று வீட்டில் மோர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை மகள் குளுக்கோமீட்டரில் பார்த்தாள். 58 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான்.

அன்று நடந்ததை வரிசையாகப் பார்த்தால் காரணம் தெரியும். ஆறரை மணிக்குத் தொடையில் ஊசி. உடனே எண்ணெய் தேய்த்து நல்ல சூட்டில் வெந்நீர்க் குளியல். பிறகு சாப்பிடாமல் மோட்டார் போட வயலுக்குப் போய், மண்வெட்டியோடு மடை திருப்பியிருக்கிறார். மற்ற நாட்களில் பச்சைத் தண்ணீரில் குளித்து, ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுவார்.

இன்சுலின் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் தங்கி, மெதுவாக ரத்தத்தில் கலக்க வேண்டிய மருந்து. சூடு பட்டால் அங்கே ரத்த ஓட்டம் கூடும். மருந்தும் சீக்கிரம் கலந்துவிடும். அளவு கூடவில்லை, வேகம்தான் கூடுகிறது. அந்த நேரத்தில் வயிற்றில் சோறு இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். 1980-ல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்றில், அந்நாட்டு வெப்ப அறைக் குளியலான சானாவில் இருந்தவர்களுக்குக் காலில் போட்ட இன்சுலின் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் கலந்தது தெரியவந்தது. நம் ஊர் நீராவிக் குளியலுக்கும் கோடை வெயிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வெயில் களைப்பிலும் வியர்வை, தலைச்சுற்றல் உண்டு. நடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் சேர்ந்தால் சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் காத்திருக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் சாப்பாடு. மோர் மட்டும் போதாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவர் அவருக்கு ஊசி அளவை மாற்றவில்லை; வரிசையைத்தான் மாற்றினார். முதலில் குளியல், உடம்புச் சூடு தணிந்ததும் வயிற்றில் ஊசி, அரை மணியில் சாப்பாடு, அதன் பிறகே வயல். அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் மீட்டர் 126 காட்டியது.

வெயில் எல்லோருக்கும் சர்க்கரையை இறக்கும் என்பதில்லை. தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டால் ஏறவும் செய்யும். வெயிலில் கிடந்த இன்சுலின் வீரியம் இழந்தாலும் ஏறும். ஆகவே கோடையில் வயலுக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். ஊசி அளவை நீங்களாகக் குறைக்காமல், அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். வயலுக்குப் போகும்போது மடியில் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும்.