செம்பட்டை பாய்ந்த கூந்தல்

எங்கள் தேவாரத்துக்கு மேலே, மலையில் ஏலச்செடிக்கு மரநிழல் உண்டு. அடிவாரத்து வெயிலுக்கோ நிழலில்லை. என் தங்கை மகளின் நிகாஹுக்குப் பதினைந்து நாட்களே இருந்தபோது இதை உணர்ந்தேன். முக்காட்டுக்குள் இருந்த முடி கருமையாகவும், வெளியே தொங்கிய பின்னல் செம்பட்டையாகவும் இருந்தன. வெயில் முடியின் நிறமியைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. கருமை குறையக் குறைய அடியிலுள்ள செம்மை வெளிப்படுகிறது.

அதை மறைக்க மருதாணி இட்டோம். அதுதான் பிழை. மருதாணியின் சாயம் செம்மஞ்சள். சிவப்பின்மேல் சிவப்பு ஏறிப் பின்னல் செம்புக் கம்பியாக மின்னியது. பெண் அழுதுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் கருமையாக்கும் 'கறுப்பு மருதாணி'ப் பொட்டலம் வாங்கலாம் என்றனர் சிலர். நான் மறுத்தேன். அத்தகைய பொடிகளில் பி.பி.டி. என்னும் இரசாயனச் சாயம் கலந்திருப்பதுண்டு. ஒவ்வாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும்.

செம்மஞ்சளை அடக்குவது நீலம். ஆகவே நாட்டு மருந்துக் கடையில் கலப்பில்லாத அவுரி இலைப் பொடி வாங்கினேன். இயற்கைப் பொடியே ஆயினும் காதின் பின்புறம் சிறிது தடவி, இரண்டு நாட்கள் பொறுத்து, அரிப்பில்லை என்று அறிந்த பின்னரே தொடங்கினோம்.

எண்ணெய்ப் பசை சாயத்தைத் தடுக்கும். எனவே முதலில் முடியை அலசி உலர்த்தினோம். நூறு கிராம் பொடியை வெதுவெதுப்பான நீரில் தோசை மாவுப் பதத்தில் கரைத்தேன். எலுமிச்சையும் தயிரும் சேர்க்கவில்லை. புளிப்பு அவுரிக்கு ஆகாது. கால் மணி நேரத்தில் மேற்பரப்பில் நீலம் படர்ந்தது. அதுவே பக்குவம், ஊற வைத்தால் வீரியம் போய்விடும்.

முழுப் பின்னலிலும் இடாமல், பிடரியில் ஒரு சிறு கற்றையில் மட்டும் ஒரு மணி நேரம் வைத்து, வெறும் நீரில் அலசினேன். பச்சை நிறம் தெரிந்தது! பெண் மீண்டும் கலங்கினாள். "பொறு கண்ணு, காற்றுப் பட்டால்தான் அவுரி கருக்கும்" என்றேன். மறுநாள் அக்கற்றை, சிவப்பும் நீலமும் தோன்றாத அடர்பழுப்பாக இருந்தது. பின்னர் கையுறை அணிந்து, செம்மை பாய்ந்த பகுதிக்கு மட்டும் இட்டோம். இரண்டு நாட்கள் சோப்போ ஷாம்போவோ படவில்லை.

ஒன்றை நினைவில் வையுங்கள்: அவுரியை ஏற்றுவது எளிது, இறக்குவது கடினம். குறைந்த நேரம் வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் மறுமுறை இடலாம். மையிருட்டுக் கருப்பை நாடவும் வேண்டாம்; தலைக்குக் கருஞ்சாயம் பூசுவதை நம்மில் பலர் தவிர்ப்பதும் நீங்கள் அறிந்ததே. வறண்ட நுனியையும் இது சீராக்காது. அதற்குக் கத்தரிதான் மருந்து.

நிகாஹ் நாளில் அவளுடைய பின்னலுக்கும் உச்சிமுடிக்கும் வேறுபாடு தெரியவில்லை. இப்போதெல்லாம் வெயிலில் இறங்குமுன் பின்னலையும் முக்காட்டுக்குள் செருகிக்கொள்கிறாள்.