ஆண்டின் இறுதியில் ஆறு வீடுகளுக்கு ஒரு மடல்



ஒரே குடியிருப்பில் பல்லாண்டுகள் வாழ்ந்து, பின்னர் பணியின் பொருட்டுப் பிரிந்த ஆறு குடும்பங்கள் நாங்கள். இரண்டு முஸ்லிம் வீடுகள், இரண்டு இந்து வீடுகள், ஒரு கிறிஸ்தவ வீடு, ஒரு ஜைன வீடு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 இரவு, முறை வைத்து ஒரு வீட்டார் எல்லோருக்குமாக வாட்ஸ்அப்பில் ஒரு மடல் எழுதுவது வழக்கம். 2025ஆம் ஆண்டின் மடல் எங்கள் வீட்டுப் பங்காக வந்தது.

முதலில் எழுதியது எளிதாகவே முடிந்தது. பொங்கல், நோன்புப் பெருநாள், புனித வெள்ளி, ஹஜ்ஜுப் பெருநாள், சம்வத்ஸரி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வரிசையாக அடுக்கி, "இவை அனைத்தையும் மகிழ்ச்சியோடு கொண்டாடினோம், புத்தாண்டு வாழ்த்துகள்" என்று முடித்திருந்தோம். ஒருவர் விடுபட்டார் என்ற குறை வராது என்பதே எங்கள் எண்ணம். அனுப்புவதற்கு முன் உரக்க வாசித்தபோதுதான் அந்த ஒரே வாக்கியத்தில் எத்தனை பிழைகள் என்பது தெரிந்தது.

புனித வெள்ளி கொண்டாட்டம் அன்று. கிறிஸ்தவ அன்பர்களுக்கு அது துக்க நாள். மகிழ்ச்சியின் நாள் இரண்டு தினங்கள் கழித்து வரும் ஈஸ்டர் ஞாயிறு. ஆஷூரா நாளில் நமக்கு "ஹேப்பி முஹர்ரம்" என்று செய்தி வரும்போது நாம் சற்றே நெளிவதில்லையா? அதே பிழையை நாங்களும் செய்யவிருந்தோம். சம்வத்ஸரியும் அவ்வாறே. பர்யூஷண நோன்புகளின் நிறைவில் வரும் அந்நாளில் ஜைனர்கள் "மிச்சாமி துக்கடம்" என்று கூறி, அறிந்தும் அறியாமலும் செய்த தீங்குகளுக்காக ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கோருவர். அந்த வீட்டு அண்ணன் ஆண்டுதோறும் அதை எங்களுக்கு அனுப்பிவந்தார். நாங்களோ பூங்கொத்துப் படம் ஒன்றை மறுமொழியாக அனுப்பிவந்தோம். மன்னிப்புக் கேட்டவருக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்!

"புத்தாண்டு" என்ற சொல்லும் உறுத்தியது. நமது ஹிஜ்ரி 1447 ஜூன் மாத இறுதியிலேயே பிறந்துவிட்டது. தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. ஜைனர்களுக்கோ தீபாவளிக்கு மறுநாள். ஆகவே "நாட்காட்டி மாறும் இவ்விரவில்" என்று எழுதினோம். அது ஆறு வீடுகளுக்கும் பொருந்தும் உண்மை.

ஆயினும் பெரும் பிழை வேறொன்று. எங்கள் தோழியின் தந்தையார் ஆகஸ்டில் காலமானார். துக்கம் நிகழ்ந்த ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடாமலிருப்பது அவர்கள் வீட்டு வழக்கம். தீபாவளியன்று அவ்வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை; வரும் பொங்கலுக்கும் பானை ஏறாது. "மகிழ்ச்சியோடு கொண்டாடினோம்" என்ற பன்மையில் அவரையும் சேர்த்து எழுத எப்படி மனம் வந்தது என்று வெட்கினோம். அதே நேரத்தில், எல்லோரும் படிக்கும் மடலில் அவர் துயரத்தை விரித்துரைப்பதும் முறையன்று. ஒரு வரி போதும். மற்றதை நேரில் சென்று பேச வேண்டும்.

பிற சமயத்தாரின் பண்டிகைக்கு வாழ்த்துக் கூறுவதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்தை இங்கே தொடவில்லை. நம்மோடு பகைமை கொள்ளாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தில் தெளிவு. ஆகவே பண்டிகையை விட்டு, மனிதர்கள் செய்ததை எழுதுவது என முடிவு செய்தோம். மடல் இவ்வாறு அமைந்தது:

"அன்புள்ளவர்களே, நாட்காட்டி மாறும் இவ்விரவில் இந்த ஆண்டு எங்களுக்கு நீங்கள் செய்தவற்றை நினைத்துக்கொள்கிறோம். நோன்பு நாட்களில் எங்களோடு பேசுவதற்கு மஃக்ரிப் முடியும்வரை காத்திருந்தீர்கள். உங்கள் பலகாரத் தட்டும் கேக்கும் எங்கள் பிள்ளைகளைத் தேடி வந்தன. அண்ணா, ஆகஸ்டில் நீங்கள் கேட்ட மன்னிப்புக்கு இப்போது மறுமொழி தருகிறோம்: எங்களிடம் உங்கள் மீது குறை ஏதுமில்லை, எங்கள் பிழைகளை நீங்களும் பொறுத்தருளுங்கள். இவ்வாண்டு அப்பாவை இழந்த வீட்டை நாம் யாரும் மறக்கவில்லை. அனைவருக்கும் உடல்நலமும் மன அமைதியும் தருமாறு இறைவனிடம் வேண்டுகிறோம்."

பண்டிகையின் பெயர் ஒன்றுகூட இதில் இல்லை. அதனால் இது சற்று வறண்டு ஒலிக்கிறதோ என்று எங்களுள் ஒருவருக்கு ஐயம் இருந்தது. மற்றவர் மாற்றச் சம்மதிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினோம்.

தோழி குழுவில் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தார். தந்தையைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார். பிறகு, "இந்த முறை நோன்பு எப்போது தொடங்குகிறது?" என்று கேட்டார். ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாட்கள் குறைவாதலால் ஆண்டுக்காண்டு முன்னே நகர்ந்து வருகிறது, இம்முறை பிப்ரவரி மூன்றாம் வாரத்தில், பிறை பார்த்து உறுதியாகும் என்றோம். "பிறை தெரிந்ததும் சொல்லுங்கள், அப்பாவுக்கு உங்கள் வீட்டுக் கஞ்சி பிடிக்கும். நான் வந்து குடித்துவிட்டுப் போகிறேன்" என்றார்.