சௌதாத் என்னும் உணர்வு

லிஸ்பன் நகரில் என் மகன் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், கணவரை இழந்து பல்லாண்டுகளான மூதாட்டி. மாலை வேளையில் கணவர் அமர்ந்திருந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு, "எனக்குச் சௌதாத் இருக்கிறது" என்பாராம். அச்சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று மகன் தொலைபேசியில் வினவினான். முப்பதாண்டு தமிழ் கற்பித்த மிடுக்கில், "ஏக்கம்" என்று உடனே விடையிறுத்தேன். "இல்லை அத்தா, அவர் ஏங்குபவராகத் தெரியவில்லை. அப்போது அவர் முகம் மலர்ந்தல்லவா இருக்கிறது!" என்றான் அவன். அன்றுமுதல் அச்சொல் என்னை விடவில்லை.

முதலில் 'ஊர் நினைவு' என்று எண்ணிப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஐரோப்பியர் ஊர் நினைவை ஒரு காலத்தில் நோயாகவே கருதினர். 1688ஆம் ஆண்டில் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யோகன்னஸ் ஹோஃபர் என்பார், வீடு திரும்புதல், வலி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'நாஸ்டால்ஜியா' என்று அந்நோய்க்குப் பெயரிட்டார். உறக்கமின்மை, பசியின்மை, உடல் தளர்ச்சி ஆகியன அதன் குறிகள். பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து நோயுற்ற இளைஞர் ஒருவர், ஊர் நோக்கிப் புறப்பட்டதுமே தேறத் தொடங்கினார் என்று அவர் எழுதியுள்ளார். மருந்து ஊர்தான். பிற்காலத்தில் அதே சொல், ஊரை விட்டுக் கழிந்துபோன காலத்தைப் பற்றிக்கொண்டு, பழமையை எண்ணி உருகுதலைக் குறிக்கலாயிற்று. எனினும் இரண்டிலும் உள்ளம் வேண்டுவது ஒன்றே. இங்கிருப்பதை விட்டு அங்கே மீள வேண்டும் என்பது.

சௌதாத் அவ்வாறன்று என்பதை ஹோஃபருக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு முன்பே எடுத்துரைத்தவர் ஓர் அரசர். 1433 முதல் 1438 வரை போர்ச்சுகலை ஆண்ட துவார்த்தே மன்னர், தம் அரசியின் வேண்டுகோளுக்கிணங்கி ஓர் அறிவுரை நூலைத் தொகுத்தார். அதில் துயரம், வருத்தம், வெறுப்பு போன்றவற்றினின்று இவ்வுணர்வைத் தனியே பிரித்துக் காட்டுகிறார். இது அறிவின் வழி வருவதன்று, நெஞ்சின் வழி வருவது என்கிறார். இலத்தீனிலும் தாம் அறிந்த பிறமொழிகளிலும் இதற்கு இணையான சொல்லைக் காணவில்லை என்றும் கூறுகிறார். அவர் தரும் சான்று எளியது. ஒருவன் என் ஆணைப்படி என் பணிக்காகவே பிரிந்து செல்கிறான். அவன்பால் எனக்கு இவ்வுணர்வு எழுகிறது. ஆயின் அவன் சென்றதில் எனக்குச் சினமில்லை, துயருமில்லை, அவன் சென்றது எனக்கு மகிழ்ச்சியே, செல்லாதிருந்தால்தான் வருந்தியிருப்பேன்!

இவ்விடத்தைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன். மகனைப் போகச் சொன்னவன் நானே. தயங்கியவனை வற்புறுத்தி அனுப்பினேன். நாளையே வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அவன் சொன்னால் ஒப்பமாட்டேன். ஆயினும் இரவு உணவுக்கு அவன் தட்டையும் சேர்த்தே எடுத்துவிட்டுப் பிறகு உள்ளே வைக்கிறேன். அந்த நொடியில் வருவது துயரமென்றால், அவனை அனுப்பியது பிழை என்றாகிவிடும். பிழையென்று நான் எண்ணவில்லை.

மன்னர் தந்த உரைகல்லை அவர் வாழ்வின்மீதே உரசிப் பார்க்கலாம். 1437இல் அவர் தம் தம்பியரைத் தாஞ்சியர்மீது படையெடுக்க அனுப்பினார். படை தோற்றது. இளையவரான பெர்னாந்து பிணையாளாக மொரோக்கோவில் விடப்பட்டு, 1443இல் பாஸ் நகரில் சிறையிலேயே மறைந்தார். அவரும் ஆணைப்படி சென்றவரே. ஆனால் அந்தப் பிரிவை எந்த அண்ணன் மகிழ்ந்து ஏற்பான்? அங்கே இவ்வுணர்வு மட்டும் தனித்து நின்றிருக்க முடியாது. துயரமும் உடன் வந்து கலந்திருக்கும்.

இன்றைய போர்ச்சுகீசிய வழக்கில் இச்சொல் இவ்வளவு நுட்பமாக ஆளப்படுவதில்லை. அம்மா சமைத்த மீனுக்கும் சௌதாத் உண்டு. நெடுநாள் பிரிந்தவரைக் கண்டு மகிழ்வதைச் 'சௌதாதைக் கொல்லுதல்' என்பர். மன்னர் வரைந்தது அதன் எல்லைக்கோட்டின் ஒரு பகுதியே எனலாம்.

இடையே ஓர் ஆசை. கருமையையும் கரும்பித்தத்தையும் சுட்டும் 'சவ்தா' என்னும் அரபுச் சொல்லே இதன் வேர் என்பாருளர். 'இன்ஷா அல்லாஹ்' போன்றதோர் அரபுத் தொடரிலிருந்து 'ஒஷலா' என்னும் சொல்லைப் பெற்ற மொழியாயிற்றே. எனக்கும் அக்கருத்தை ஏற்க மனம் விழைந்தது. ஆனால் பழைய பாடல்களில் 'சொய்தாத்', மன்னர் நூலில் 'சுய்தாத்' என்றே இச்சொல் வருகிறது. அவ்வடிவங்கள் தனிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கே நம்மை இட்டுச் செல்கின்றன. ஆசைக்காகச் சான்றை வளைத்தல் ஆகாது.

மறுவாரம் மகனிடம் இவற்றைச் சொன்னேன். "அப்படியானால் தமிழில் என்ன சொல்வது?" என்று மீண்டும் கேட்டான். தெரியவில்லை என்றேன். சற்று நேரம் இருபுறமும் பேச்சில்லை. பிறகு, அந்த நாற்காலியைத் துடைக்கும் வேலையைப் பாட்டி இப்போது சில நாள் தனக்குத் தருவதாகச் சொன்னான்.