உறையின் மேல் ஆறு வரிகள்

தங்கையின் நிக்காஹ் அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதும் பொறுப்பு என்னுடையது. அமராவதி நகரிலுள்ள மாமாவின் முகவரி ஆறு வரி. மனம்போல எழுதியதில் கடைசி வரியான அஞ்சல் குறியீட்டு எண் அடிவிளிம்பில் நசுங்கிப் போயிற்று. “இது போய்ச் சேராவிட்டால் அண்ணன் மனம் நோகுமே” என்றார் அம்மா.

மறு உறையை எடுத்தேன். உயரம் 12 செ.மீ. தபால்தலைக்கும் முத்திரைக்குமாக மேலே 4, கீழே 2 விட்டேன். இடையில் ஒரு செ.மீ. இடைவெளியில் ஆறு பென்சில் கோடுகள். மேல்வரியின் ‘கு’ கீழ்வரியின் ‘கி’யோடு மோதாதிருக்க, எழுத்துகளை அரை செ.மீ. உயரத்துக்குள் அடக்கினேன். மிக நீண்ட வரியான ‘உடுமலைப்பேட்டை வட்டம்’ என்பதைத் தனித்தாளில் எழுதி அளந்து, இடது ஓரத்தை முடிவு செய்தேன். பழைய குறிப்பேட்டிலிருந்த கோயம்புத்தூர் மாவட்டம், 2009இல் பிரிந்தபடி, திருப்பூர் ஆயிற்று. இறுதியில் 642102.

மை நன்கு உலர்ந்த பிறகே கோடுகளை அழித்தேன். நிக்காஹ் அன்று மாமா முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்.